வாய்க்கரிசிக்கு ஓர் இத்தாலியச் சொல்

பகலில் நான் மொழிபெயர்ப்பவை இத்தாலிய இயந்திரங்களின் கையேடுகளும் ஒப்பந்தங்களும். அவற்றில் ஒரு சொல் தவறினால் மறுநாள் திருத்தி அனுப்பலாம். அந்த வியாழக்கிழமை இரவு வந்த வேலைக்கு மறுநாள் என்பதே இல்லை. காலை பத்து மணிக்கு வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இரங்கல் உரை, அது முடிந்ததும் வாய்க்கரிசி, பிறகு மண்டாய் தகனச்சாலைக்குப் பயணம்.

அழைத்தவர் என்னுடன் முன்பு வேலை பார்த்த ஒரு பெண். அவருடைய தாத்தா மாலையில்தான் காலமாகியிருந்தார். கணவர் இத்தாலியர், தெற்கே கலாப்ரியாவைச் சேர்ந்தவர். அவருடைய பெற்றோரும் பாட்டியும் பிறந்த குழந்தையைப் பார்க்கச் சிங்கப்பூர் வந்திருந்த வாரத்தில்தான் இந்தச் சாவு. “தாத்தாவைப் பற்றித் தமிழில் நான் பேசப்போகிறேன் அக்கா. அவர்கள் மூவரும் ஒன்றும் புரியாமல் நிற்கக் கூடாது” என்றார். “எழுதியதை அனுப்பம்மா, விடிவதற்குள் தருகிறேன்” என்றேன்.

அனுப்பியது இரண்டு பக்கம். கூடவே ஓர் ஆங்கில வடிவமும் இருந்தது. யாரோ உறவினர் உதவியிருக்கிறார். அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன். தமிழில் அந்தப் பெண் தாத்தாவிடமே பேசுகிறார். “தாத்தா, நீங்கள் செம்பவாங் கப்பல் பட்டறையிலிருந்து சைக்கிளில் வரும்போது, அடுக்குச் சட்டியின் மேல் தட்டில் எங்களுக்காக எப்போதும் ஏதாவது மிச்சம் வைத்திருப்பீர்கள்.” இந்த ‘நீங்கள்’ ஆங்கிலத்துக்குள் போனதும் யாரையும் குறிக்கக்கூடிய ஒரு சொல்லாகிவிட்டது. ஆங்கிலத்தின் வழியாக இத்தாலியத்துக்குப் போயிருந்தால் அந்த மரியாதை திரும்பக் கிடைத்திருக்காது.

இத்தாலியத்தில் மூன்று வழிகள் உண்டு. ‘தூ’ என்பது நம் ‘நீ’. இன்றைய பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் தாத்தாவை அப்படித்தான் அழைக்கிறார்கள். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. ‘லேய்’ மரியாதைச் சொல், ஆனால் வங்கி மேலாளரிடமும் முன்பின் தெரியாதவரிடமும் பேசும் தூரம் அதில் இருக்கிறது. சொந்தத் தாத்தாவின் பெட்டியருகே நின்று அப்படிப் பேசினால் அன்னியமாகிவிடும். மூன்றாவது ‘வோய்’. பன்மைச் சொல்லை ஒருவருக்கே சொல்லி மரியாதை காட்டுவது, அப்படியே நம் ‘நீங்கள்’. முசோலினி அரசு 1938இல் ‘லேய்’ வேண்டாம், ‘வோய்’தான் வேண்டும் என்று உத்தரவு போட்டதால் பின்னாளில் பலருக்கு அந்தச் சொல்லே கசந்தது. ஆனால் தெற்கில் அது அரசாங்கம் கொடுத்த சொல் அல்ல, வீட்டுச் சொல். நள்ளிரவுக்குச் சற்று முன் மாப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் அப்பா அவருடைய தந்தையை எப்படி அழைப்பார் என்று கேட்டேன். “வோய் என்றுதான். பாட்டியும் தன் பெற்றோரை அப்படித்தான் அழைத்திருக்கிறார்” என்றார். அந்தக் கேள்வி ஒன்றுக்கு விடை கிடைத்ததும் உரையின் பாதி வேலை முடிந்துவிட்டது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. வினை பன்மையில் வரும், அதோடு சேரும் இறந்தகால எச்சமும் அடைமொழியும் ஒருமையில், ஆணுக்குரிய வடிவில் நிற்க வேண்டும். ‘நீங்கள் பொறுமையாக இருந்தீர்கள்’ என்பதில் ‘இருந்தீர்கள்’ என்பதற்கு ‘சியெத்தே ஸ்தாத்தோ’ என்று எழுத வேண்டும். கடைசி எழுத்து மாறி ‘ஸ்தாத்தி’ என்றாகிவிட்டால் தாத்தா ஒருவர் பலராகிவிடுவார். இப்படி பதினேழு இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தேன்.

உறவுமுறைகளில் ஓரிடம் கைகொடுத்தது, ஓரிடம் காலை வாரியது. “எங்கள் சம்பந்தி வீட்டார் கடல் கடந்து வந்திருக்கிறார்கள்” என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் சம்பந்திக்குத் தனிச் சொல் இல்லை. இத்தாலியத்தில் ‘கோன்சுவோச்செரி’ என்று அச்சாக இருக்கிறது. ஆனால் பேரனுக்கும் பேத்திக்கும், அண்ணன் மகனுக்கும், அக்காள் மகளுக்கும் சேர்த்து அவர்களிடம் இருப்பது ‘நிபோத்தே’ என்ற ஒரே சொல். உரையில் “பேரன் பேத்திகள் ஒன்பது பேரும், அண்ணன் பிள்ளைகள் நான்கு பேரும்” என்று இருந்தது. சொல்லுக்குச் சொல் வைத்தால் ஒன்பது நிபோத்தேயும் நான்கு நிபோத்தேயும் என்று வந்து நிற்கும். ‘தம் பிள்ளைகளின் பிள்ளைகள்’, ‘தம் அண்ணனின் பிள்ளைகள்’ என்று பிரித்து எழுதினேன். சற்று நீளம்தான், ஆனால் யார் யார் என்று தெரியும்.

அதிகாலை நான்கு மணிக்கு முழுவதையும் உரக்கப் படித்தேன். எந்த இரங்கல் உரையையும் வாய்விட்டுப் படிக்காமல் கொடுப்பதில்லை. கடைசிப் பத்தியில் நாக்கு நின்றுவிட்டது. தமிழில் “உங்கள் வாயில் கடைசி அரிசியை இடப்போகிறோம் தாத்தா” என்று இருந்தது. அரிசிக்கு இத்தாலியத்தில் ‘ரீசோ’. சிரிப்புக்கும் அதே ‘ரீசோ’தான். வாய் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘கடைசி ரீசோ’ என்று வந்தால், கேட்பவர் காதில் முதலில் விழுவது உதட்டில் தங்கிய கடைசிச் சிரிப்பு. தாளில் பார்க்கும்போது எனக்கு அரிசிதான் தெரிந்தது. காதில் கேட்டபோதுதான் சிரிப்பு வந்து நின்றது. இன்னொன்றும் உறைத்தது. அவர்கள் ஊரில் அரிசியைக் கையில் எடுப்பது திருமணத்தில், தேவாலய வாசலில் மணமக்கள் மேல் தூவுவதற்கு. சாவு வீட்டில் அரிசித் தட்டு வரும்போது அவர்கள் திகைப்பார்கள்.

மொழிபெயர்ப்பதை அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் திருப்பி எழுதினேன். ‘கிக்கி’ என்றால் மணிகள். ‘சமைக்காத அரிசியின் சில மணிகள்’ என்று எழுதிவிட்டால் சிரிப்புக்கு அங்கே வழியில்லை. அதோடு, தமிழ் மூலத்தில் இல்லாத ஒரு வாக்கியமும் சேர்த்தேன்: வாழ்நாள் முழுவதும் எங்களுக்குச் சோறு போட்டவருக்குப் போகும் வழிக்கு நாங்கள் தரும் உணவு இது. தமிழர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் உறுத்தும். ஐந்து மணிக்கு அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டிப் பேத்தியிடம் அனுமதி கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இருக்கட்டும் அக்கா” என்றார்.

அச்சடிக்கும் முன் இன்னொரு வேலை இருந்தது. பேத்தி தமிழில் பேசப் பேச அவர்கள் தாளில் கண்ணோட்ட வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருகிறது, இத்தாலியத்தில் முன்னாலேயே வந்துவிடுகிறது. கூட்டம் வாக்கியத்தின் முடிவில் விம்மும்போது இவர்கள் அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு பத்தியும் காதில் பிடிபடக்கூடிய ஒரு பெயரோடு தொடங்குமாறு இரண்டு மொழியிலும் மாற்றினோம்: தஞ்சாவூர், செம்பவாங், பாட்டியின் பெயர், கொள்ளுப்பேத்தியின் பெயர், மண்டாய். அந்தப் பெயர் கேட்டதும் அடுத்த பத்திக்குக் கண் போனால் போதும். எழுத்தைப் பெரிதாக்கி மூன்று பிரதிகள் எடுத்தேன்.

காலையில் நான் பின்வரிசையில் நின்றேன். செம்பவாங் என்றதும் மூன்று தலைகளும் சேர்ந்து தாளில் இறங்கின. மாப்பிள்ளையின் பாட்டி மட்டும் விரலை வரியின் கீழ் நகர்த்தியபடி, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். உரை முடிந்து அரிசித் தட்டு வந்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் போய் இட்டுவிட்டு நகர்ந்தார்கள். பாட்டி தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பேத்தியின் அம்மா முழங்கையைப் பிடித்து அழைத்துப்போக, தட்டிலிருந்து கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் சில மணிகளை மட்டும் எடுத்தார். குனிந்து தாத்தாவிடம் ஏதோ சொன்னார். எனக்கு அதில் ‘வோய்’ என்ற ஒரு சொல்தான் கேட்டது.