வளைகாப்புக்கு மறுநாள் வைஃபை

வளைகாப்புக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். லேப்டாப்பைத் திறந்தவன், “மாமா, வைஃபை சிக்னல் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் வரல” என்றான். என் போனில் யூட்யூப் ஓடிக்கொண்டிருந்தது.

ரௌட்டரை அணைத்துப் போடுவதற்கு முன், அவன் லேப்டாப்பில் `ipconfig` அடித்துப் பார்த்தேன். ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தது. விண்டோஸுக்கு யாரும் முகவரி தராதபோது தானே போட்டுக்கொள்ளும் எண் அது. சரி, கையாலேயே ஒன்று கொடுத்துவிடலாம் என்று 192.168.1.120 போட்டேன். உடனே முகவரி மோதல் என்று எச்சரிக்கை வந்தது. அது வாசல் கேமராவின் முகவரி.

அதன் பிறகுதான் ரௌட்டரில் சாதனங்களுக்கு முகவரி வழங்கும் `DHCP Server` பக்கத்துக்குப் போனேன். தருவதற்கு வைத்திருந்தது .100 முதல் .149 வரை, 50 முகவரிகள். பட்டியலில் 50 வரியும் நிறைந்திருந்தன. பல்பு, பிளக், கேமரா, ஏசி என்று 24, எங்கள் போன், லேப்டாப் 7. மீதி 19ம் முந்தைய நாள் மாலை வந்த விருந்தாளிகளின் போன்கள். எல்லோரும் ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டார்கள், ஆனால் `Lease Time` 1440 நிமிடம். போன் வீட்டை விட்டுப் போனாலும் முகவரி ஒரு நாள் முழுக்க அதன் பேரிலேயே இருக்கும். பல்புகளுக்குப் பிரச்சினை வராததற்கும் இதுதான் காரணம். பாதி நேரம் கழிந்ததுமே அவை கேட்டுப் புதுப்பித்துக்கொள்கின்றன. பாவம், எப்போதாவது வரும் லேப்டாப்தான் மாட்டியது. விருந்திலும் சிலருக்குக் கிடைக்காமல் போயிருக்கும். மொபைல் டேட்டாவில் சமாளித்திருப்பார்கள்.

முதலில் லீஸை 10 நிமிடமாகக் குறைத்தேன். ஒன்றும் மாறவில்லை. ஏற்கெனவே கொடுத்த முகவரிக்குப் பழைய கெடுதான். அதைப் புதுப்பிக்க வேண்டிய போன்கள் வேறு ஊருக்கே போய்விட்டன. பிறகு முகவரித் தொகுப்பை .20 முதல் .249 வரை விரித்தேன், 230 முகவரி. லேப்டாப்பில் கையால் போட்ட எண்ணை எடுத்துவிட்டு மறுபடி இணைத்ததும் உடனே நெட் வந்தது.

10 நிமிடத்தை அப்படியே விடவில்லை. ரௌட்டர் கொஞ்ச நேரம் முடங்கி, கெடு அதற்குள் தீர்ந்தால் சாதனங்கள் முகவரியைக் கைவிட வேண்டியதுதான். இவ்வளவு பெரிய தொகுப்புக்கு அந்த அவசரம் தேவையும் இல்லை. 8 மணி நேரம் வைத்திருக்கிறேன்.

ஆனால் முகவரி 230 இருந்தாலும் ரௌட்டரின் வைஃபை அத்தனை பேரைத் தாங்காது. அந்த எல்லையைத் தொட்டால் வைஃபையோடு இணைவதே நடக்காது. எங்கள் வீட்டில் இணைந்தது, முகவரிதான் வரவில்லை.