கண்ணில் பீளை இல்லை, காய்ச்சலும் இறங்கவில்லை

என் மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். குறுவை அறுவடை நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் கொடுத்தால் சிறிது தணியும், மருந்தின் வேகம் குறைந்ததும் மீண்டும் 103ஐத் தொடும். மூன்றாம் நாள் தொடையிடுக்கிலும் முதுகிலும் செந்தடிப்புகள் கிளம்பின. "அம்மை பார்த்திருக்கிறது, ஊசி போடக் கூடாது" என்று சொல்லி அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். ஊரில் பார்த்த மருத்துவர் வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்று சிரப் கொடுத்தார். டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

நான் செய்துவந்த ஒரு வேலை பிறகு மிகவும் உதவியது. காய்ச்சல் தொடங்கிய நாளைத் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வைத்து, அன்றன்று கண்டதை அதனதன் தாளில் எழுதிவந்தேன். கைப்பேசியில் படமும் எடுத்தேன். அவளுக்கு வந்திருந்தது கவாசாகி நோய் என்று பிறகுதான் தெரிந்தது. இந்த நோயின் அடையாளங்கள் ஒரே நாளில் சேர்ந்து வருவதில்லை. ஒன்று வரும்போது முந்தையது மறைந்துவிடும். வந்த அன்றைக்கு உடம்பில் இருப்பதை மட்டும் பார்க்கும் மருத்துவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

ஐந்தாம் நாள் இரண்டு கண்களும் சிவந்துவிட்டன. பீளை இல்லை, நீர் வடியவும் இல்லை. கருவிழியைச் சுற்றி மட்டும் மெல்லிய வெள்ளை வளையம் விட்டு மீதியெல்லாம் சிவப்பு. உதடுகள் வெடித்து இரத்தம் கசிந்தது. நாக்கு, மேலே புள்ளி புள்ளியாகத் தடித்துச் சிவந்திருந்தது. கால் வீங்கிக் கொலுசு அழுத்தியதால் கழற்ற வேண்டியதாயிற்று. இடது தோளில் பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு புதிதாகப் போட்டது போலச் சிவந்து தடித்திருந்தது. அன்றே தஞ்சாவூருக்குக் கிளம்பிவிட்டோம்.

அங்கிருந்த குழந்தை மருத்துவர் காலண்டர் தாள்களை வரிசையாகப் படித்தார். அத்தை அம்மை என்று சொன்னதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்: "தட்டம்மை என்றால் மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், தடிப்பு காதின் பின்புறமும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும் பாட்டி. இவளுக்குச் சளியே இல்லை, தடிப்பும் தொடையிடுக்கில் தொடங்கியிருக்கிறது." கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டியிருப்பதைத் தொட்டுக் காட்டினார். பிறகு என்னிடம், "இது கவாசாகி நோய். 1967இல் கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். உடம்பின் இரத்தக் குழாய்கள் அழற்சி அடைகின்றன. நமக்குப் பயம் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களைப் பற்றித்தான்" என்றார்.

அவசரத்தின் காரணத்தை அவர் விளக்கிய விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. மருந்தே கொடுக்காவிட்டாலும் இரண்டு வாரத்தில் காய்ச்சல் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும், தடிப்பும் மறையும். வீட்டில் எல்லோரும் குணமாகிவிட்டது என்று நம்புவார்கள். ஆனால் சிகிச்சை பெறாத நான்கு குழந்தைகளில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு அந்த இதயக் குழாய்கள் புடைத்துப்போகின்றன. அதில் இரத்தம் உறைந்தால் அந்த வயதிலேயே மாரடைப்பு வரலாம். காய்ச்சல் தொடங்கிய பத்து நாட்களுக்குள், தானமாகப் பெற்ற இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை ஏற்றினால் ஆபத்து நூற்றில் நான்கைந்தாகக் குறைகிறது. அந்தப் பத்து நாள் மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து தொடங்குவதில்லை, முதல் காய்ச்சலிலிருந்து தொடங்குகிறது. எங்களுக்கு அதில் பாதி போய்விட்டிருந்தது.

அன்று இரவே மருந்து ஏறியது. கிலோவுக்கு இரண்டு கிராம் என்பது கணக்கு. அவள் பத்துக் கிலோ, அதனால் இருபது கிராம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகச் சொட்ட வேண்டும். விலை அதிகமான மருந்து, எல்லாக் கடையிலும் கிடைக்காது. கூடவே ஆஸ்பிரினும் தொடங்கினார்கள். ஏற்றி முடித்து ஒன்றரை நாளுக்குப் பிறகும் காய்ச்சல் இருந்தால் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கலாம் என்று சொல்லியிருந்ததால் இரவெல்லாம் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காய்ச்சல் திரும்பவில்லை.

இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனான எக்கோவை முதல்முறை எடுத்தபோது குழாய்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் புடைப்பு பின்னாலும் தோன்றலாம் என்பதால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும் ஆறு வாரத்துக்கு மேல் ஒருமுறையும் எக்கோ எடுத்தார்கள். இரண்டாம் எக்கோவின்போது நகக் கண்களிலிருந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. அதுவும் இந்த நோயின் போக்குதான். இரண்டாம் வாரத்தில் இரத்தத் தட்டணுக்கள், டெங்குவில் போல இறங்காமல், மேலேறும்; இரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். அதனால்தான் குறைந்த அளவு ஆஸ்பிரினைக் கடைசி எக்கோ வரை நிறுத்தவில்லை. அந்த நாட்களில் அக்கம்பக்கத்தில் யாருக்காவது சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே தெரிவிக்கும்படி மருத்துவர் சொன்னார், ஆஸ்பிரினோடு அவை சேர்ந்தால் ஈரலும் மூளையும் பாதிக்கப்படலாம். காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் கொடுப்பதும் கூடாது.

மூன்று எக்கோக்களும் சரியாகவே வந்தன. அவளுக்குத் தட்டம்மை-ருபெல்லா இரண்டாம் தடுப்பூசி அடுத்த மாதம் போட வேண்டியிருந்தது. ஏற்றிய மருந்து அந்த ஊசியை வேலை செய்ய விடாது என்பதால் பதினொரு மாதம் தள்ளிப் போடச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஊர் சுகாதார செவிலியரிடம் கொடுத்திருக்கிறேன்.