40 நொடியும் ஒரு கிலோ பச்சரிசியும்

“வணக்கம். என் பெயர் இன்னார். நான் பத்து வருடங்கள் ஐடி துறையில் பணிபுரிந்தேன். பாரம்பரியத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்லும் நோக்கத்துடன் எங்கள் நிறுவனம் தரமான, ஆரோக்கியமான சத்துமாவை வழங்குகிறது.”

பெரம்பூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் போன ஆகஸ்டில் எடுத்த முதல் டேக் இது. அக்கா ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. என் உதவியாளன் “சூப்பர்ணா, ஓகே பண்ணிடலாம்” என்றான். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. இதே வசனத்தை எண்ணெய்க்கும் சோப்புக்கும் பருப்புப் பொடிக்கும் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் பாதி பிராண்டுகள் இன்று இல்லை.

சாலிகிராமத்தில் ஒரே அறையில் ஸ்டுடியோ வைத்து, சின்ன பிராண்டுகளுக்கு வீடியோ எடுப்பதுதான் என் பிழைப்பு. முதலாளியே கேமராவைப் பார்த்துப் பேசும் 40 நொடி வீடியோதான் அதிகம் வரும். ஒரு வசனம் உருப்படுமா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. அந்த வாக்கியத்தைப் போட்டியாளர் வாயில் வைத்துப் பார்ப்பேன். அவர் சொன்னாலும் பொருந்துகிறது என்றால் அதை வெட்டிவிடுவேன். அக்காவின் முதல் டேக்கை இப்படிச் சலித்தபோது மிஞ்சியது அவர் பெயர் மட்டும்தான். பெயரும்கூட முன்பின் தெரியாதவருக்கு முதல் மூன்று நொடியில் எந்தச் சேதியும் சொல்வதில்லை. என்ன நடந்தது என்று தெரிந்த பிறகுதான் யார் இவர் என்ற கேள்வியே வரும். பெயர் கடைசியில் வந்தால் போதும்.

இன்னொரு தொல்லை நம் மொழியில் இருக்கிறது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் வீட்டுப் பேச்சு ஓடிவிடும், செய்தி வாசிக்கிற தமிழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘நான்’ போய் ‘எங்கள் நிறுவனம்’ வந்துவிடும். அக்காவின் நிறுவனம் என்பது அவரும், வாரத்தில் நான்கு நாள் வந்து பாக்கெட் ஒட்டும் ஒரு அம்மாவும்தான். பின்னால் கொடியில் துணி காய்வது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிகிறது, காதில் ‘நிறுவனம்’ விழுகிறது. கண்ணும் காதும் ஒத்துப்போகாத அந்த இடத்திலேயே நம்பிக்கை போய்விடும். பொய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விரல் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

சரி, கேமராவை அணைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தோம். கேட்டேன்: “அக்கா, ஏன் மாவு விக்க ஆரம்பிச்சீங்கன்னு கேக்கல. கடையில வாங்காம நாமளே அரைக்கணும்னு என்னிக்குத் தோணுச்சு? அந்த நாளைச் சொல்லுங்க.”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். “கடை மாவு இல்ல தம்பி. நான் அரைச்ச மாவுதான் சொதப்புச்சு. பாப்பாவுக்கு அப்போ பத்து மாசம். கஞ்சி வாயில வெச்சதும் ஒரே அழுகை. மில்லுல எனக்கு முன்னாடி யாரோ மிளகாய் அரைச்சிட்டுப் போயிருக்காங்க.”

அடுத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதிலில்தான் வீடியோ கிடைத்தது. மில் திறக்கும் நேரம் காலை ஆறு மணி. அன்றிலிருந்து இவர்தான் முதல் ஆள். ஆனால் முந்தின நாள் ராத்திரி கடைசியாக என்ன அரைத்தார்களோ, அது மிஷினுக்குள் ஒட்டியிருக்கும். அதனால் முதலில் ஒரு கிலோ பச்சரிசியைப் போட்டு ஓட்டுவார். மிச்சக் காரத்தையெல்லாம் அந்த அரிசி வாரிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் கேழ்வரகு உள்ளே போகும்.

“அந்த அரிசி மாவை என்னக்கா பண்ணுவீங்க?”

“கோலம் போடுவேன்.”

இதை உட்கார்ந்து யோசித்து யாராலும் எழுத முடியாது. தினமும் செய்கிறவருக்குத்தான் அந்த மாவு எங்கே போகிறது என்று தெரியும். செய்கிறவருக்கு இது சாதாரணம் என்பதால் தானாக வாயில் வராது. கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதற்காகவே படப்பிடிப்புக்கு முன்னால் ஒரு மணி நேரமாவது வெறுமனே பேசிக்கொண்டிருப்பேன். அக்காவிடம் அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன், அதனால்தான் முதல் டேக் அப்படி வந்தது.

ஆனால் குழந்தை அழுத கதையை வைக்க முடியாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்ய நம் நாட்டில் சட்டமே தடை. 1992-ல் வந்த சட்டம் அது, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். சத்துமாவு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மாதக் குழந்தையைப் பற்றிப் பேசினால் அதன் அர்த்தம் என்னவென்று விளக்கவே வேண்டாம். சத்துமாவு விற்பவர்களில் பலருக்கு இது தெரியாது. எனக்கே ஒரு வாடிக்கையாளரின் வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் வீடியோ வெளியான பிறகு. அந்த அவமானம் தனிக் கதை.

அதற்காகக் குழந்தையின் வயதை மாற்றிச் சொல்லச் சொல்வதும் தப்பு. அதனால், “அன்னிக்கு அந்தக் கஞ்சியை வேற யாராவது குடிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“மாமனார் குடிச்சார். ‘என்னம்மா, ரசப்பொடி போட்டியா?’ன்னு கேட்டார்.”

முதல் வரி கிடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த மாவு மூட்டையின் மேலேயே பேப்பரை வைத்து எழுதினேன். தமிழில் 40 நொடிக்கு அறுபது, அறுபத்தைந்து சொல்தான் என் கணக்கு. நம் சொற்கள் நீளம். எழுபதைத் தாண்டினால் மூச்சு வாங்குவது மைக்கில் கேட்கும். கடைசியில் நின்றது இதுதான்:

“‘என்னம்மா, கஞ்சியில ரசப்பொடி போட்டியா?’ன்னு மாமனார் கேட்டார். மில்லுல எனக்கு முன்னாடி யாரோ மிளகாய் அரைச்சிருக்காங்க. அதுல இருந்து காலைல ஆறு மணிக்கு மில்லு திறக்கும்போது முதல் ஆள் நான்தான். மொதல்ல ஒரு கிலோ பச்சரிசி போட்டு ஓட்டுவேன். அந்த மாவு கோலத்துக்கு. அப்புறம்தான் என் கேழ்வரகு. முளைகட்டினதைக் காயவெச்சு, ஒண்ணைக் கடிச்சா டக்குனு உடையணும். நசுங்கினா அரைக்க மாட்டேன். மழையில காயாது. அதனால நவம்பர்ல பாதி நாள் என்கிட்ட மாவு இருக்காது. நான் இன்னார், பெரம்பூர். பாக்கெட் பின்னாடி அரைச்ச தேதி இருக்கும். பார்த்து வாங்குங்க.”

நவம்பர் வரிக்கு அக்காவின் கணவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. “காசு கொடுத்து வீடியோ எடுத்து, அதுல மாவு இல்லைன்னு சொல்லணுமா சார்?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் வீடியோ முழுக்க நல்லதாகவே பேசினால், இதில் எவ்வளவு உண்மை என்று கேட்கிறவர் மனதில் ஒரு கழித்தல் ஓடிக்கொண்டே இருக்கும். சொல்கிறவருக்கே நஷ்டம் தரும் ஒரு வரி வந்ததும் அது நின்றுவிடும். ஆனால் அந்த வரி உண்மையான நஷ்டமாக இருக்க வேண்டும். “நாங்கள் தரத்தில் சமரசம் செய்யாததால் விலை கொஞ்சம் கூடுதல்” என்பார்களே, அது குறையைச் சொல்வதுபோல் தன்னைப் புகழ்வது, எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழையில் மாடியில் எதுவும் காயாது என்பது சென்னைக்காரர் எல்லோருக்கும் அவரவர் துணியை வைத்தே தெரியும். அக்காவே முடிவு செய்தார்: “இருக்கட்டும்ங்க. போன வருஷம் அதான நடந்துச்சு.”

உணவு உரிம எண்ணையும் சொல்லிவிடலாமா என்று அக்கா கேட்டார். 14 இலக்கத்தை வாயால் சொன்னால் யார் மனதிலும் நிற்காது, நொடிதான் போகும். கடைசி வரியில் பாக்கெட்டைத் திருப்பி இரண்டு நொடி அசையாமல் பிடிக்கச் சொன்னேன். தேதியும் எண்ணும் கண்ணில் பட்டால் போதும். சந்தேகம் இருப்பவர் வீடியோவை நிறுத்திப் படித்துக்கொள்வார். அந்தப் பளபளப்பு உறை வெயிலை அப்படியே திருப்பி அடித்ததால் அந்த ஒரு ஷாட்டை மட்டும் நிழலில் ஏழு தடவை எடுத்தோம்.

படமெடுப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எழுதிய தாளை அக்காவிடம் கொடுக்கவில்லை. செல்போனில் எழுத்து ஓடவிட்டுப் படிக்கச் சொன்னால் கண் இடமும் வலமும் அலையும், முகத்தை நெருக்கத்தில் எடுக்கும்போது அது அப்பட்டமாகத் தெரியும். லென்ஸுக்கு ஒட்டினாற்போல் மேலே என் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். லென்ஸைப் பார்த்து, கேள்வியையும் பதிலோடு சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை காலர் மைக்கில் சரசரவென்று உரசியதால் பழைய புடவை ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடி வளையலையும் கழற்ற வேண்டியிருந்தது.

எடிட்டில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். “ஒரு கிலோ பச்சரிசி” என்று தொடங்கி “என் கேழ்வரகு” வரை வெட்டே கிடையாது, அக்காவின் முகம் மட்டும்தான். நம்ப வைக்க வேண்டிய வாக்கியத்தின் நடுவில் வெட்டினால் எதையோ மறைத்த மாதிரி ஆகிவிடும். கடிக்கும் இடத்தில் மட்டும் கைக்கு மாறினோம். ஒரு கேழ்வரகு மணியை முன்பல்லில் வைத்துக் கடிக்கிற சத்தம் மைக்கில் மிகச் சின்னதாக விழுந்தது. அது கேட்க வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் இசையை அடியோடு எடுத்துவிட்டேன். மில்லின் இரைச்சல் “ஆறு மணிக்கு” என்னும்போது ஒன்றரை நொடி வந்து போகும், அவ்வளவுதான்.

நவம்பரில் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டுக் கேட்டாராம்: “மழையில காயாதுன்னு வீடியோல சொல்றீங்க. நாலு நாளா இங்க கொட்டுது. பாக்கெட்ல முந்தாநாள் தேதி இருக்கே, எப்படிம்மா?”

அக்டோபர் முதல் வாரத்து வெயிலில் காயவைத்து டப்பாவில் மூடி வைத்திருந்த கேழ்வரகைத்தான் அந்த வாரம் அரைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் அந்த அம்மா சமாதானமாகி இன்னும் இரண்டு பாக்கெட் கேட்டிருக்கிறார். ஆனால் வீடியோவில் நாங்கள் சொல்லிவிட்ட பேச்சுக்கு ஒரு தேதி போதவில்லை. இப்போது அக்காவிடம் இரண்டு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கின்றன. காயவைத்த தேதி ஒன்று, அரைத்த தேதி ஒன்று. பாக்கெட் ஒட்டும் அந்த அம்மா, வேலை கூடிவிட்டது என்று என்னைத்தான் திட்டுகிறாராம்.