குடும்பக் குழுவிலிருந்து வெளியேறினால் யாருக்குத் தெரியும்?

அத்தை மகளின் திருமணத்துக்காக உருவாக்கிய வாட்ஸ்அப் குழு அது. மண்டபத்துக்கு வழி, முகூர்த்த நேரம், யார் எந்தப் பஸ்ஸில் வருகிறார்கள் என்று முதலில் பயனுள்ள செய்திகள்தான் வந்தன. திருமணம் முடிந்த பிறகும் குழு கலையவில்லை. விடியற்காலை வணக்கப் படங்களும் மருத்துவக் குறிப்புகளும் அரசியல் வீடியோக்களும் நாள் முழுக்க வரத் தொடங்கின. இரவுப் பணி முடித்துக் காலையில் உறங்குகிற எனக்கு அது பெரிய தொல்லை. ஆனால் வெளியேறினால் அத்தை மனம் வருந்துவார். பெரியப்பா கேள்வி கேட்பார். அதனால் வெளியேறுவது பிறருக்கு எப்படித் தெரிகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள நினைத்தேன்.

இதே நேரத்தில் இன்னொரு குழுவும் இருந்தது. பத்தாம் வகுப்பில் உடன் படித்தவர்களின் குழு. அதிலிருந்து எப்படியும் விலகுவது என்று முடிவு செய்திருந்தேன். அதில் என் நெருங்கிய நண்பன் ஒருவன் அட்மின், இன்னொருவன் வெறும் உறுப்பினர். நான் வெளியேறியதும் இருவருடைய கைப்பேசிகளிலும் என்ன தெரிகிறது என்று பார்த்துச் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

முன்பெல்லாம் ஒருவர் விலகினால், அவர் விலகிவிட்டார் என்ற வரி உரையாடலின் நடுவே எல்லோருக்கும் தெரியும்படி விழும். 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப் இதை மாற்றியது. இப்போது அந்த வரி அட்மின்களுக்கு மட்டுமே தெரியும். குழுவைத் திறந்து, மேலே உள்ள பெயரைத் தொட்டு, கீழே கடைசிவரை சென்று `Exit group` என்பதை அழுத்தினேன். அட்மின் நண்பனின் திரையில் நான் விலகிய செய்தி உடனே வந்தது. மற்றவனின் திரையில் ஒன்றுமே வரவில்லை. அரட்டை அது பாட்டுக்குத் தொடர்ந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. அந்த இரண்டாம் நண்பனைக் குழுவின் தகவல் பக்கத்தைத் திறந்து உறுப்பினர் பட்டியலின் அடிவரை போகச் சொன்னேன். அங்கே முன்னாள் உறுப்பினர்களைக் காட்டும் ஓர் இணைப்பு இருந்தது. அதைத் தொட்டதும் என் பெயர் வந்தது. கடந்த 60 நாட்களில் விலகியவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்கும். அட்மின் மட்டுமல்ல, குழுவில் உள்ள யாரும் அதைப் பார்க்கலாம். தேடிப் போனால்தான் தெரியும் என்பது உண்மை. ஆனால் உறவினர் குழுக்களில் தேடிப் போகிறவர் ஒருவராவது இருப்பார். உறுப்பினர் எண்ணிக்கை ஒன்று குறைந்ததைக் கவனிப்பவரும் இருப்பார்.

இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப்பட்டது. அட்மின்களுக்கு மட்டும் என்றால் எத்தனை பேர்? வகுப்புக் குழுவில் அட்மின்கள் இருவர்தான். திருமணக் குழுவின் பட்டியலைத் திறந்து பார்த்தபோது அத்தை, மாமா, பெரியப்பா, சித்தி என்று பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அட்மின் பொறுப்பு கொடுக்கப்பட்டிருந்தது. யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற மரியாதையில் செய்தது. அந்தக் குழுவில் நான் `Exit group` அழுத்தினால், யாருக்குத் தெரியக் கூடாது என்று தயங்குகிறேனோ அவர்களுக்கே செய்தி போய்ச் சேரும். ஆகவே வெளியேறும் முன் பட்டியலில் யார் யார் பெயருக்கு அருகே அட்மின் என்று இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுங்கள். அமைதியான வெளியேற்றம் எவ்வளவு அமைதியானது என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. நீங்களே ஒரே அட்மின் என்றால், விலகும் முன் பொருத்தமான ஒருவரை அட்மின் ஆக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் உறுப்பினர்களில் யாரோ ஒருவர் தானாகவே அட்மின் ஆகிவிடுவார்.

எனவே திருமணக் குழுவில் விலகாமல் ஓசையை அடக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். அறிவிப்புகளை நிறுத்தும் `Mute notifications` பகுதியில் 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தெரிவுகள் உண்டு. எப்போதும் என்பதையே தேர்ந்தெடுத்தேன். ஒரு வாரம் என்று வைத்தால் வாரம் முடிந்ததும் தூக்கம் கலைந்துதான் அது நினைவுக்கு வரும். பிறகு உரையாடல் பட்டியலில் அந்தக் குழுவை அழுத்திப் பிடித்து, மேலே தோன்றும் பெட்டிக் குறியைத் தொட்டுக் காப்பகத்துக்கு அனுப்பினேன். புதிய செய்தி வந்தாலும் குழு முதன்மைப் பட்டியலுக்கு ஏறி வருவதில்லை. நான் இவற்றைச் செய்தது குழுவில் யாருக்கும் தெரியாது. எந்த அறிவிப்பும் போகாது, எந்தப் பட்டியலிலும் பதிவாகாது.

இதற்கும் எல்லைகள் உண்டு. யாராவது @ குறியுடன் என் பெயரைக் குறிப்பிட்டாலோ, என் பழைய செய்திக்குப் பதில் எழுதினாலோ அறிவிப்பு வந்துவிடும். எனக்கு அது வேண்டியதே. சித்தப்பாவை மருத்துவமனையில் சேர்த்தபோது என் பெயரைக் குறிப்பிட்டு அத்தை எழுதியதால்தான் உடனே தெரிந்தது.

படித்தேனா என்பதையும் மறைக்க முடியாது. செய்தி அனுப்பியவர் தன் செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவலைத் திறந்தால், யார் படித்தார்கள், யாருக்கு வந்து சேர்ந்தது மட்டும் நடந்திருக்கிறது என்று இரண்டு பட்டியல்கள் வரும். தனியுரிமை அமைப்பில் நீலக்குறியை அணைத்து வைத்திருந்தாலும் குழுக்களில் அது செல்லாது. மாதக்கணக்கில் குழுவைத் திறக்காமல் இருந்தால் நம் பெயர் படிக்காதவர்களின் வரிசையிலேயே நிற்கும். அதனால் வாரம் ஒருமுறை ஓய்வு நாளில் திறந்து, பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் துக்கச் செய்திகளுக்கும் பதில் எழுதிவிடுகிறேன். உறவினர்கள் எதிர்பார்ப்பது அந்த அளவுதான் என்பது என் எண்ணம்.

ஓசை நின்றாலும் படங்களும் வீடியோக்களும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சேமிப்பிடம் நிறைகிறது என்று கைப்பேசி எச்சரித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. `Storage and data` அமைப்பில் வீடியோக்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டேன். வேண்டியதை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்கிறேன். இந்த மாற்றம் அந்த ஒரு குழுவுக்கு மட்டுமல்லாமல் எல்லா உரையாடல்களுக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக் குழுவின் கதை இன்னும் கொஞ்சம் நீண்டது. நான் விலகியதைக் கண்ட மற்றொரு அட்மின், "தவறுதலாக வெளியேறிவிட்டாயா?" என்று கேட்டு என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டார். அவரிடம் தனிச்செய்தியில், இரவுப் பணி என்பதால் குழுக்களைக் குறைத்துக்கொள்கிறேன், யார் மீதும் வருத்தமில்லை என்று எழுதிவிட்டு மீண்டும் விலகினேன். அதோடு `Privacy` அமைப்பில் `Groups` பகுதிக்குப் போய், என்னை யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் `My contacts except...` என்பதைத் தேர்ந்தெடுத்து, என்னை அடிக்கடி குழுக்களில் சேர்ப்பவர்களின் பெயர்களைக் குறித்துவைத்தேன். இப்போது அவர்கள் சேர்க்க முயன்றால் நேரடியாகச் சேர்க்க முடியாது. தனிச்செய்தியாக ஓர் அழைப்பை மட்டுமே அனுப்பலாம். நான் அதை ஏற்காமல் விட்டால் 3 நாட்களில் அது காலாவதியாகிவிடும்.