வரவேற்புப் பேச்சு: ரசம் வரி ஒருவழியாக உட்கார்ந்தது

ரசம் வரி உட்கார்ந்துவிட்டது. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் நண்பர் பேசப்போகும் பேச்சில் என்னைப் படாத பாடு படுத்திய வரி அது. நேற்று இரவு அவர் முழுப் பேச்சையும் பேசிப் பதிவுசெய்து அனுப்பினார். ரசம் வரும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அவருடைய மனைவியாம், அடுத்த அறையில் இருந்தாராம். கதை தெரியாத ஒருவர் காதால் மட்டும் கேட்டுச் சரியான இடத்தில் சிரித்தார் என்றால் எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

நண்பர் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ்தான், நன்றாகவே பேசுவார். படிப்பதுதான் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அதனால் பேச்சை ஆங்கிலத்தில் எழுதினார், அழகாகவும் எழுதியிருந்தார். வரவேற்பு கோயம்புத்தூரில். முன்வரிசையில் உட்காரப்போவது பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தங்கள். ஆங்கிலத்தில் பேசினால் பின்வரிசை நண்பர்கள் சிரிப்பார்கள், மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கமாட்டார். கதையே அந்த அம்மாவைப் பற்றியதுதான் என்பதால் தமிழ் என்று முடிவானது, மொழிபெயர்க்கும் வேலை என்னிடம் வந்தது.

கதை இது. பெங்களூரில் இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தபோது நண்பருக்குக் கடும் காய்ச்சல். அடுப்பே பற்றவைத்து அறியாத மாப்பிள்ளை, நடுராத்திரியில் ஊரிலிருக்கும் அம்மாவைப் போனில் எழுப்பி, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ரசம் வைத்தார். ரசம் வாயில் வைக்க முடியவில்லை. நண்பர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். ஆங்கிலத்தில் இது ஒரே நீள வாக்கியம். எழுவாயும் வினையும் முதலிலேயே வந்துவிடும், பிறகு ஒவ்வொரு விவரமாகப் பின்னால் வண்டிபோல் கோத்துக்கொண்டே போய்க் கடைசிச் சொல்லில் சிரிப்பை வைத்திருந்தார்.

அதை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். வண்டி முழுவதும் தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். “நள்ளிரவு இரண்டு மணிக்குத் தன் தாயைத் தொலைபேசியில் எழுப்பிக் கேட்டுக் கேட்டு நான் வாழ்நாளில் குடித்ததிலேயே மோசமான ரசத்தை வைத்துக் கொடுத்தவன் இவன்.” இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. கண்ணால் படித்தால் புரிகிறது. காதால் கேட்பவரோ, யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலேயே அத்தனை விவரங்களையும் கையில் பிடித்துக்கொண்டு ‘இவன்’ வரும்வரை காத்திருக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பாத்திரச் சத்தம் வரும் மண்டபத்தில் யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

எனவே பெயரெச்ச, வினையெச்சங்களை எல்லாம் உடைத்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை. இறந்தகாலத்தில் தொடங்கி, நடுவில் நிகழ்காலத்துக்குத் தாவிவிட்டேன். நாம் திண்ணையில் கதை சொல்லும்போது செய்வதுதான்: “ராத்திரி ரெண்டு மணி இருக்கும். எழுந்து பாத்தேன். சமையல்கட்டுல லைட் எரியுது. இவன் நிக்கிறான், காதுல போன்.” இதுவரை சுலபம். சண்டை அடுத்த வரியில்தான்.

சிரிப்பு வரவேண்டிய இடம் மாப்பிள்ளை அம்மாவிடம் கேட்கும் கேள்வி. தமிழில் ஒருவர் சொன்னதைச் சொல்லும்போது ‘என்று’ வரும், பேச்சில் அது ‘னு’ ஆகும், அதன்பின் ஒரு வினை வரும். “‘புளி எவ்வளவும்மா?’னு கேக்கறான்.” பேசிப் பாருங்கள். ‘எவ்வளவும்மா’வில் சபை சிரிக்கத் தயாராகிறது, அதற்குள் ‘னு கேக்கறான்’ வந்து அந்தச் சிரிப்பின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. பேசுபவர் ‘கேக்கறான்’ சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பவர் சிரித்தால் கடைசி அசைகள் கேட்காது. முடிக்கட்டும் என்று காத்திருந்தால் சிரிப்பு ஆறிப்போகும். ‘னு’வை மட்டும் வைத்து வினையை வெட்டிப் பார்த்தேன், அந்தரத்தில் தொங்கியது. ‘அப்படின்னு’ போட்டால் இன்னும் நீளம்.

கடைசியில் வழி கிடைத்தது டீக்கடையில். பக்கத்து மேசைக்காரர் யாருடைய சண்டையையோ சொல்லிக்கொண்டிருந்தார். “சொல்றான் அவன்கிட்ட,” என்று நிறுத்தினார், பிறகு சொன்னதை அந்த ஆளின் குரலிலேயே சொன்னார், அதோடு முடிந்தது. ‘னு’வே இல்லை. வினை முன்னால் வந்துவிட்டது, பேச்சு கடைசியில் நிற்கிறது. எழுத்தில் நாம் வினையைக் கடைசியில் பூட்டியே வைத்திருப்பதால் இது கண்ணில் படுவதில்லை. வாயில் நாள் முழுவதும் இருக்கிறது. ஆக இப்போதைய வடிவம்: “கேக்கறான் அவங்கம்மாகிட்ட: ‘அம்மா, புளி எவ்வளவும்மா?’” அங்கே நிறுத்தம். அந்த அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருப்பார், எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்க்கவும் நேரம் வேண்டும். அதன்பிறகு தனி வரியாக, “அந்த மாதிரி ரசம் நான் குடிச்சதே இல்ல. ஒரு சொட்டு விடல.” மோசம் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

அடுத்த தலைவலி எழுத்துக்கூட்டு. பேச்சுத் தமிழை எழுதித் தரும்போது எதை எல்லாம் பேசுவதுபோலவே எழுதுவது? நண்பர் மெதுவாகப் படிப்பவர். தாளில் ‘இருக்கிறது’ என்று இருந்தால் ‘இருக்கிறது’ என்றே வாசித்துவிடுவார், செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும். எனவே வினைமுற்றுகளையும் உருபுகளையும் முழுக்கப் பேச்சு வடிவில்தான் எழுதுகிறேன்: இருக்கு, வந்துட்டான், வீட்டுல, அவன்கிட்ட. ஆனால் சொல்லின் முதல் உயிரில் நடக்கும் மாற்றத்தை எழுதுவதில்லை. இடம் என்பதை நாம் எடம் என்றும், உடம்பை ஒடம்பு என்றும்தான் சொல்கிறோம். தாளில் ‘ஒடம்பு’ என்று இருந்தால் கண் ஒரு கணம் தடுக்கும், வாசிப்பவர் அதை அழுத்திச் சொல்லி நாடகப் பாத்திரம்போல் ஆக்கிவிடுவார். ‘உடம்பு’ என்று எழுதினால் தமிழ் பேசும் வாய் தானாகவே ஒடம்பு என்று சொல்லிக்கொள்ளும். ‘ரெண்டு’ மாதிரி முதல் எழுத்தே விழுந்துபோன சொல்லை மட்டும் விழுந்தபடியே எழுதிவிடுவேன். சந்தேகம் வந்தால் பதிவைக் கேட்பேன், வாய் எதைத் தானாகச் செய்கிறதோ அதைத் தாளில் தொடமாட்டேன்.

எந்த அகராதியைப் பார்க்கிறேன் என்று கேட்டிருந்தவர்களுக்கு: இந்த வேலைக்கு என் மேசையில் இருப்பது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான். பேச்சு வழக்குச் சொற்களுக்கு ‘பே.வ.’ என்று குறி போட்டிருப்பார்கள். ஒரு சொல் வீட்டுப் பேச்சா, புத்தகமா என்று தடுமாறும்போது அந்தக் குறி கைகொடுக்கும்.

கொங்கு வாசனை சேர்க்கலாமே என்று மாப்பிள்ளையின் தம்பி கேட்டார். மறுத்துவிட்டேன். ‘ஏனுங்க’வையும் ‘போகோணும்’ போன்றவற்றையும் பெங்களூர்க்காரர் பொள்ளாச்சிக்காரர்கள் முன்னால் சொன்னால், அந்த ஊர்க்காரர்கள் காதுக்கு அது கேலியாகப்படும். அவர் வீட்டில் அம்மாவிடம் பேசும் தமிழ் எதுவோ, அதுவே மேடைக்கும். ஆனால் அந்த ஊரின் மரியாதையை விடமுடியாது. வயதில் சின்னவரையே ‘வாங்க’ என்று கூப்பிடும் ஊரில், மாப்பிள்ளையை மேடையில் வைத்து ‘அவன் இவன்’ என்றால் பெண்வீட்டுப் பெரியவர்கள் நெளிவார்கள். ‘அவர்’ என்று சொன்னால் நட்பே செத்துவிடும். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. பேச்சின் முதல் வரியாக அனுமதி கேட்டுவிட்டேன்: “பெரியவங்க மன்னிக்கணும், மாப்பிள்ளைய நான் ‘அவன்’னுதான் சொல்வேன். வேற மாதிரி சொன்னா அவனுக்கே யாருன்னு தெரியாது.” பெண்ணைப் பற்றி வரும் இடமெல்லாம் ‘அவங்க’தான்.

மூலத்தில் மாப்பிள்ளைக்கு மூன்று பட்டங்கள் வரிசையாக இருந்தன: அன்பானவன், தாராளமானவன், விசுவாசமானவன். தமிழில் இப்படி அடுக்கினால் படத்திறப்பு விழா ஆகிவிடும். விசுவாசம் என்றாலே நமக்கு முதலாளி ஒருவர் நினைவுக்கு வருகிறார். மூன்றையும் எடுத்துவிட்டேன். ரசம் கதை அந்த மூன்றையும் சொல்லிவிடுகிறது.

நேரத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. தமிழில் சொற்களின் எண்ணிக்கை குறைந்தது, சொல்லும் நேரமோ கூடியது. நம் சொற்கள் நீளம். வரவேற்பில் பரிசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை மேடை ஏறக் காத்திருக்கும். அதை நிறுத்திவைத்து நான்கு நிமிடத்துக்குமேல் பேசினால் பந்திக்குப் போகவேண்டியவர்கள் எழுந்துவிடுவார்கள். கல்லூரிக் கதை ஒன்றை முழுவதுமாக எடுத்தபிறகுதான் கணக்கு சரியானது.

முடிவு இன்னும் பாக்கி. ஆங்கிலத்தில் எல்லோரும் எழுந்து கோப்பையை உயர்த்துகிறார்கள். நம் மண்டபத்தில் கோப்பையும் இல்லை, அந்த வழக்கமும் இல்லை. சம வயதுக்காரர் ஆசீர்வாதம் செய்யவும் முடியாது. ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ ஊரிலுள்ள எல்லாப் பதாகைகளிலும் இருக்கிறது, அதை வைக்கமாட்டேன். கோப்பை செய்த வேலை, சபைக்குக் கையில் ஒரு செயலைக் கொடுத்தது. அதே வேலையை இப்படிச் செய்யலாம் என்று எழுதியிருக்கிறேன்: “பெரியவங்க எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணுங்க. நாங்க கை தட்டறோம்.” நண்பர் இதற்குப்பின் மாப்பிள்ளையைப் பார்த்து ‘நல்லா இருடா’ என்று சொல்ல ஆசைப்படுகிறார். கைதட்டலில் அது காணாமல் போகும். முன்னால் வைக்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

தாளில் எடுப்பது பற்றி ஒரு குறிப்பு. மூச்சுக்கு ஒரு வரி என்று உடைத்து, பெரிய எழுத்தில், தாளின் ஒருபக்கம் மட்டும். அச்செடுக்கும் கடையில் ஃபைலைத் திறந்ததும் கொம்பெல்லாம் தனியாகப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நின்றது. அங்கே அந்த எழுத்துரு இல்லை. எழுத்துருவை உள்ளேயே பதித்து பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை வராது.

இதற்குள் பெண்ணின் தோழியும் தன் ஆங்கிலப் பேச்சைத் தமிழாக்கித் தரக் கேட்டிருக்கிறார். டொராண்டோவில் வளர்ந்தவர், யாழ்ப்பாணக் குடும்பம். ‘கதைக்கிறது’, ‘வாறியளோ’ என்று பேசும் வீட்டுக்கு என் பேச்சுத் தமிழை எழுதிக் கொடுத்தால் அது அவர் வாயில் ஒட்டாது. அவருடைய பெரியம்மாவிடம் ஆங்கிலப் பேச்சின் விஷயத்தை மட்டும் சொல்லி, அவர் தன்போக்கில் சொல்வதைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிவு வந்தால் அதைக் கேட்டு எழுதிக்கொள்வது மட்டும்தான் என் வேலை, ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை.