சீகை ஸ்டாண்டுன்னா பஸ் ஸ்டாண்டு இல்லைங்க

ஊட்டியில பர்ஸ்ட் இயர் பாட்டனி படிக்கிறேன், பிளஸ் டூ வரைக்கும் கோத்தகிரியில தமிழ் மீடியம். நம்ம சீகை மரம், அதான் வாட்டில், புல்வெளியில பரவுறத பத்தி ஒரு இங்கிலீஷ் ஆராய்ச்சி பேப்பர குடுத்து வெள்ளிக்கிழமை செமினார்ல பேசுன்னுட்டார் சார்.

நான் பண்ண முதல் தப்பு, முதல் வரியில இருந்து டிக்‌ஷனரியும் கையுமா உக்காந்தது. மூணு ராத்திரி போச்சு, ரெண்டு பக்கம் தாண்டல. 'வாட்டில் ஸ்டாண்ட்'னு வந்த இடத்துல எந்த பஸ் ஸ்டாண்டுனு நெசமாவே யோசிச்சேன். ஒரே வகை மரம் கூட்டமா நிக்கிற இடமாம் அது. 'கன்ட்ரோல் பிளாட்'ட கட்டுப்பாட்டு நிலம்னு எழுதி வச்சிருந்தேன், ஆனா அது ஒப்பிட்டுப் பாக்குறதுக்காக ஒண்ணும் செய்யாம விட்ட இடம்.

இதெல்லாம் கூட பரவால்ல. செமினார்ல "சீகை நிழல்ல சோலைக்காட்டு மரக்கன்னு நல்லா வளருதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க"ன்னு தைரியமா சொல்லிட்டேன். சார் கேட்டார், "யாரு கண்டுபிடிச்சா? இவங்களா?" முழிச்சேன். அது இன்ட்ரோல, வேற யாரோ முன்னாடி சொன்னதுன்னு எழுதியிருந்தது. அடுத்த பாராவே 'ஹவ்எவர்'னு ஆரம்பிக்குது, அத நான் படிக்கவே இல்ல. இவங்க பாத்தது சீகைய வெட்டுனப்புறம் புல்வெளியில என்ன முளைக்குதுன்னு. மண்ணுல பல வருஷமா கிடந்த விதையெல்லாம் வெயில் பட்டதும் திரும்ப சீகையாவே முளைக்குதாம்.

அப்புறம் தேர்ட் இயர் அக்கா ஒருத்தங்க கேன்டீன்ல வச்சு அதே பேப்பர காட்டி சொல்லிக் குடுத்தாங்க. மொதல்ல இருக்குற சுருக்கம், அதான் அப்ஸ்ட்ராக்ட், படிச்சியா, நேரா இன்ட்ரோவோட கடைசி பாராவுக்குப் போ, 'இன் திஸ் ஸ்டடி', 'ஹியர் வி'ன்னு இருக்கும், அவங்க கேள்வி அங்கதான் இருக்கும்னாங்க. அடுத்து படங்க. எங்க பேப்பர்ல இருந்தது ரெண்டே பார் சார்ட், வெட்டுன இடம் ஒண்ணு, வெட்டாத இடம் ஒண்ணு, கீழ கேப்ஷன். அந்த கேப்ஷன மட்டும் டிக்‌ஷனரி வச்சு ஒழுங்கா படிச்சதுல பாதி பேப்பர் புரிஞ்சிருச்சு. அப்புறம்தான் டிஸ்கஷனோட முதல் பாரா. நாப்பது நிமிஷம்கூட ஆகல, நான் மூணு ராத்திரி கண்ணு முழிச்சிருக்கேன், வயிறு எரிஞ்சுது.

இப்ப பேரும் வருஷமும் அடைப்புக்குறிக்குள்ள வந்தா அந்த வரிக்குப் பக்கத்துல பென்சில்ல 'மத்தவங்க'ன்னு எழுதிடுவேன், 'வி பவுண்ட்'னு வந்தா 'இவங்க'. டிஸ்கஷன்ல ரெண்டும் கலந்து வரும், அங்க உஷாரா இருக்கணும். 'சிக்னிபிகன்ட்'ட முக்கியம்னு எழுதிடாதீங்க, அந்த வித்தியாசம் சும்மா தற்செயலா வந்திருக்க வாய்ப்பு கம்மின்னுதான் அர்த்தம், வித்தியாசம் ரொம்ப சின்னதாக்கூட இருக்கலாம். புரியாத வார்த்தை மூணு தடவை வந்தாதான் தேடுறேன், ஒரு தடவை வந்தத தாண்டிப் போயிடறேன்.

ஜெராக்ஸ் போடுறவங்க கடைசி பக்கங்கள பாத்துக்கங்க. பதினாலு பக்கத்துல நாலு பக்கம் வெறும் ரெபரன்ஸ், அதுக்கும் காசு குடுத்துட்டு வந்தேன்.

மெத்தட்ஸ்ல இருக்குற கணக்கு பாரா ஒண்ணு இன்னும் புரியல. திங்கக்கிழமை சார்கிட்ட போகணும், அந்த செமினார மறந்திருப்பார்னு நம்புறேன்.