ஒரு ஷூ, இரண்டு பற்று, மூன்று மின்னஞ்சல்

ஆன்லைனில் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன், டெபிட் கார்டில். ஓடிபி போட்டதும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பணம் செலுத்துவது தோல்வி என்று காட்டியது. மறுபடி முயன்றேன், இந்தத் தடவை ஆர்டர் உறுதியானது. வங்கிச் செயலியைத் திறந்தால் 9.42க்கு ஒன்று, 9.44க்கு ஒன்று என அதே கடைக்கு அதே தொகை இரண்டு வரிகளில் போயிருந்தது.

உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், இரண்டு வரிகளையும் சிவப்பில் வட்டமிட்டேன், "இணைப்பைப் பார்க்கவும், இரண்டு முறை பிடித்த பணத்தைத் திருப்பித் தரவும்" என்று வங்கிக்கு அனுப்பினேன். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இரு பரிவர்த்தனைகளும் ஓடிபி மூலம் சரிபார்க்கப்பட்டவை, வணிகரை அணுகவும். எரிச்சலில் அந்தப் படத்தையே அலுவலகத்தில் ஓர் அண்ணனிடம் நீட்டினேன். முன்பு ஒரு வங்கியில் கார்டு தகராறுகளைப் பார்த்தவர் அவர்.

"நீ ரெண்டு ஜோடி வாங்கியிருந்தாலும் இதே படம்தானே வரும்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பணம் இருமுறை போனதைத்தான் படம் காட்டுகிறது. வாங்கியது ஒருமுறைதான் என்பதை எந்த வங்கி ஸ்கிரீன்ஷாட்டும் காட்டாது, அது கடையின் பக்கத்தில் இருக்கிற செய்தி.

படத்தில் இன்னொன்றையும் அவர் காட்டினார். 9.42 வரியின் கீழே சின்னதாக, சாம்பல் நிறத்தில் "நிலுவையில்" என்று இருந்தது; வட்டம் போட்ட கையோடு அதைப் படித்திருக்கலாம். அந்த நிலையில் வங்கி பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது, கடைக்குக் கொடுக்கவில்லை. எடுக்கக்கூடிய இருப்பு குறைந்து தெரிவதால் போய்விட்டதாக நினைக்கிறோம். கடை கேட்காவிட்டால் சில நாட்களில் ஒதுக்கீடு தானாகவே விலகிவிடும். பல புகார்கள் அத்துடன் முடிந்துவிடுமாம். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மறுநாள் அதுவும் கணக்கில் பதிவாகிவிட்டது.

அப்புறம் ஒவ்வொரு வரியையும் தொட்டுத் திறந்து, ஒப்புதல் குறியீட்டைப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் ஒரே குறியீடு என்றால், ஒரே ஒப்புதலை வைத்துக் கடை இருமுறை பணம் கேட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். என்னுடையவை வேறு வேறு. ஆக, முதல் முயற்சிக்கும் வங்கி ஒப்புதல் கொடுத்திருக்கிறது, அந்தப் பதில் கடையின் பக்கத்துக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஆகவே ஓடிபி போட்டது நான்தானா என்று வாதாடுவதில் பயனில்லை. இரண்டையும் நான்தான் போட்டேன்.

கடைக்கு இரண்டு குறிப்பு எண்களையும் அனுப்பி, எதற்கு ஆர்டர் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். 9.44க்கு உண்டு, 9.42க்கு இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது. அதை வைத்து எழுதிய இரண்டாவது மின்னஞ்சல் இது:

"பொருள்: ஒரே கொள்முதலுக்கு இருமுறை பற்று, முந்தைய புகாரின் தொடர்ச்சி.

கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், இரு பரிவர்த்தனைகளின் தேதி, நேரம், தொகை, குறிப்பு எண்கள் கீழே. இரண்டு முயற்சிகளும் நான் செய்தவையே. முதலாவதில் தோல்வி என்று காட்டியது. 9.42 பரிவர்த்தனைக்கு ஆர்டர் எதுவும் இல்லை என்று கடை எழுதிய பதிலும், இரண்டும் பதிவாகியிருக்கும் கணக்கு அறிக்கையும் இணைப்பில். 9.42 பற்றை மட்டும் தகராறாகப் பதிந்து, புகார் எண் தரவும்."

குறிப்பு எண்களைத் தட்டச்சு செய்தே கொடுத்தேன். படத்திலிருக்கும் எண்ணை அவர்களால் நகலெடுத்துத் தேட முடியாது. கண்ணால் பார்த்து அடித்தால் 3 எளிதாக 8 ஆகிவிடும். ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்தேன், இந்தத் தடவை இருப்புத் தொகையை மறைத்து, தேதியும் நேரமும் வெட்டுப்படாமல்.

அன்று மாலையே புகார் எண் வந்தது, கூடவே ஒரு தகராறுப் படிவம். இதற்கும் காலவரம்பு உண்டு. விசா கார்டு விதிகளில் இரட்டைப் பற்றுக்கு 120 நாள், வங்கிகள் அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம். கடையோடு மெயிலாடியே அந்த நாட்களைக் கரைத்துவிடாதே என்று அண்ணன் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

ஆறாம் நாள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்தது. ஒன்பதாம் நாள் கடையும் தானாகவே பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. இப்போது ஒரே தொகை இரண்டு தடவை வரவு. புகார் எண்ணைப் போட்டு மூன்றாவது மின்னஞ்சல் எழுதினேன், ஸ்கிரீன்ஷாட்டோடுதான். மறுவாரம் வங்கி தன் வரவைத் திரும்ப எடுத்துக்கொண்டு புகாரை முடித்தது.